நிலவு எவர் மடியில் விழுந்தது? கனவில் தோன்றும் வானொளிகளை வாசிப்பது குறித்து

தில்லி நிஜாமுத்தீன் தர்காவின் அருகே, நெருக்கமான சந்துகளுக்கு நடுவே, சிவப்பு மணற்கல்லும் வெண்பளிங்கும் கொண்டு இழைக்கப்பட்ட ஒரு சிறு கல்லறை மாடம் நிற்கிறது. ஹுமாயூன் கல்லறைக்கு வரும் கூட்டத்தில் மிகச் சிலரே இதுவரை நடந்து வருகின்றனர். இதனுள் துயில்பவர் ஷம்சுத்தீன் முகம்மது அத்கா கான். பேரரசர் அக்பருக்குப் பாலூட்டிய செவிலித்தாய் ஜீஜீ அனகாவின் கணவர். ‘அத்கா’ என்னும் பட்டமே செவிலித்தந்தை என்னும் உறவைக் குறிப்பது. 1562ஆம் ஆண்டு ஆக்ராவில் படுகொலை செய்யப்பட்ட அவருடைய உடல் தில்லிக்குக் கொணரப்பட்டது. ஹிஜ்ரி 974இல், அதாவது 1566–67இல், அவருடைய மகன் மிர்ஸா அஜீஸ் கோகா இம்மாடத்தை எழுப்பி முடித்தார்.

இந்த மனிதரின் வாழ்வை அக்பர்நாமா ஒரு கனவிலிருந்து தொடங்குகிறது. கஜ்னியில் வாழ்ந்த எளிய குடும்பத்து இளைஞராக, இருபத்திரண்டு வயதில், நிலவு தம் கைகளுக்குள் வந்து சேர்ந்ததாக அவர் கனாக் கண்டார் என்றும், அதைத் தம் தந்தை மீர் யார் முகம்மதுவிடம் சொன்னார் என்றும் அபுல் ஃபஸ்ல் எழுதுகிறார். தந்தை மகிழ்ந்தார். இறைவன் ஒருநாள் இவனுக்குப் பெரும்பேறு அருள்வான், அதனால் நம் குடும்பம் உயரும் என்று பொருள் கூறினார். கனவு அவ்வளவே. வேறு நிகழ்ச்சி எதுவும் அதில் இல்லை.

சூரியன், சந்திரன், விண்மீன், கிரகணம் ஆகியவை தோன்றும் கனவுகளைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் பொதுவாக இரண்டு கருவிகளில் ஒன்றைக் கையில் எடுக்கின்றனர். ஒன்று, கனாப்பலன் நூல்களின் பட்டியல்: சூரியன் என்றால் அரசன், சந்திரன் என்றால் அமைச்சன் அல்லது மனைவி, கிரகணம் என்றால் கேடு. மற்றொன்று, உளவியலிலிருந்து பெற்ற பட்டியல்: சூரியன் என்றால் விழிப்புணர்வும் தந்தையும், சந்திரன் என்றால் நனவிலியும் தாய்மையும். முதலாவதை மூடநம்பிக்கை என்றும் இரண்டாவதைக் கோட்பாடு என்றும் அழைப்பது வழக்கம். ஆயினும் இரண்டும் செய்யும் பிழை ஒன்றே. பொருள் வானொளியினுள்ளேயே பொதிந்து கிடக்கிறது, அதை எடுத்துக் கொடுப்பதே வாசிப்பு என்று இரண்டும் கருதுகின்றன. தில்லிக் கல்லறையில் துயில்பவரின் கனவு இக்கருத்து போதாது என்பதைத் தெளிவாகக் காட்டும்.

நிலவு ஒருவர் மடியிலோ கையிலோ மார்பிலோ வந்து சேர்வதாகக் காண்பது இஸ்லாமிய மரபில் மிகப் பழைய கனவு வடிவம். அதன் மூன்று எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கைபரைச் சேர்ந்த ஸஃபிய்யா, நிலவு தம் மடியில் விழுந்ததாகக் கனாக் கண்டு தம் கணவரிடம் சொன்னார். கணவர் அதை நபிகளை மணக்கும் ஆசையாகப் பொருள் கொண்டு அவர் முகத்தில் அறைந்தார் என்று நபிகளின் வாழ்வைக் கூறும் தொடக்ககால நூல்கள் தெரிவிக்கின்றன. ஆயிஷா, மூன்று நிலவுகள் தம் அறையில் விழுந்ததாகக் கனாக் கண்டு தந்தை அபூபக்கரிடம் சொன்னார். அவர் அப்போது வாய் திறக்கவில்லை. நபிகள் அந்த அறையில் அடக்கம் செய்யப்பட்ட பின்னரே, ‘உன் மூன்று நிலவுகளில் இது ஒன்று, அவற்றுள் சிறந்ததும் இதுவே’ என்னும் பொருள்படக் கூறினார் என்பது மரபு. பின்னர் அபூபக்கரும் உமரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட, எண்ணிக்கை நிறைந்தது. மூன்றாவது உஸ்மானியப் பேரரசின் தோற்றக் கதை. எதெபாலி என்னும் பெரியவரின் மார்பிலிருந்து எழுந்த நிலவு உஸ்மானின் மார்புக்குள் புகுந்தது. உடனே அவருடைய கொப்பூழிலிருந்து ஒரு மரம் முளைத்து அதன் நிழல் உலகைக் கவிந்தது. எதெபாலி தம் மகளை உஸ்மானுக்கு மணம் முடித்துக் கொடுத்தார்.

மூன்றிலும் உருவம் ஏறத்தாழ ஒன்றே. பொருளோ முதற்கனவில் மணம், இரண்டாவதில் அடக்கம், மூன்றாவதில் மணமும் அரசும். நிலவு என்பதற்கு ஒரே பொருள் இருக்குமாயின் இம்மூன்றும் இப்படிப் பிரிய இயலாது. பிரிவுக்குக் காரணம் நிலவில் இல்லை. கண்டவர் யார், அவர் எந்த உறவுக்குள் வாழ்கிறார், யாரிடம் சொன்னார், கேட்டவர் எப்போது வாய் திறந்தார் என்னும் நான்கும் சேர்ந்தே பொருளைத் தீர்மானிக்கின்றன. ஸஃபிய்யாவின் கணவர் அச்சத்தோடு கேட்டார், அடி விழுந்தது. அபூபக்கர் காத்திருந்தார், கனவும் அவரோடு காத்திருந்தது.

மரபினுள் வாழ்ந்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். பொருள் கூறப்படும்வரை கனவு ஒரு பறவையின் காலில் தொங்குகிறது, பொருள் கூறப்பட்டதும் அது விழுந்துவிடுகிறது என்று ஒரு நபிமொழி உண்டு. ஆகவே அன்புடையவனிடமோ அறிவுடையவனிடமோ தவிர வேறு எவரிடமும் கனவைச் சொல்லலாகாது என்பது அதைத் தொடரும் அறிவுரை. பதினொரு விண்மீன்களும் சூரியனும் சந்திரனும் தம்மை வணங்கக் கண்ட யூசுஃபிடம், இதை உன் உடன்பிறந்தாரிடம் சொல்லாதே என்று தந்தை எச்சரித்ததாகக் குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயம் கூறுவதும் இதனால்தான். ஆதியாகமத்தில் வரும் யோசேப்பு தன் கனவை உடன்பிறந்தாரிடமும் சொல்லிவிடுகிறான், அவர்களுடைய பகை வளர்கிறது. கனவு ஒன்றே எனினும், சொல்லப்பட்ட இடம் மாறியதால் அதன் விளைவும் மாறுகிறது. இந்த நோக்கில், கஜ்னி இளைஞர் தம் தந்தையிடம் சென்று சொன்னார் என்பது வெறும் தகவலாக நின்றுவிடுவதில்லை. கனவு தகுந்த கையில் ஒப்படைக்கப்பட்டது என்பதற்கான சான்றாக அதை நூல் முன்வைக்கிறது.

யூசுஃபின் கனவு பட்டியல் வாசிப்புக்கு மற்றொரு சிக்கலையும் தருகிறது. விண்மீன்கள் உடன்பிறந்தார், சூரியனும் சந்திரனும் பெற்றோர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எது தந்தை, எது தாய்? அரபு மொழியில் சூரியனைக் குறிக்கும் சொல் பெண்பால், சந்திரனைக் குறிக்கும் சொல் ஆண்பால். ஆகவே உரைகாரர்களில் சிலர் சூரியனைத் தந்தை என்றனர், சிலர் தாய் என்றனர். ஆதியாகமத்தின் உரைகாரர்களுக்கு வேறொரு தொல்லை. அந்நூலின்படி யோசேப்பின் தாய் ராகேல் அதற்கு முன்பே இறந்துவிட்டாள். அப்படியானால் வணங்கிய நிலவு யார்? அவனை வளர்த்த பில்காளே அது என்று யூத உரை மரபு விடை கண்டது. சூரியன் தந்தை, சந்திரன் தாய் என்னும் சமன்பாடு எங்கும் இயல்பானது என்று எழுதும் ஆய்வேடு, இந்த உரைகாரர்கள் எதற்காக இத்தனை பாடுபட்டனர் என்பதை விளக்க வேண்டியிருக்கும். நிலவின் இடத்தில் ஈன்ற தாயை விலக்கி வளர்த்த தாயை வைத்த இவ்விடை, பாலூட்டிய குடும்பம் ஒன்றின் நிலவுக் கனவைப் பேசும் இவ்விடத்தில் நினைவில் கொள்ளத்தக்கது.

இந்திய மரபுகளும் பொருளை உருவத்தில் மட்டும் தேடவில்லை. பொன்னவன் இயற்றியதாக வழங்கும் தமிழ்க் கனாநூல், எதைக் கண்டால் என்ன பலன் என்பதற்கு முன்பாக எப்போது கண்டால் எப்போது பலிக்கும் என்னும் கணக்கை வைக்கிறது. இரவின் முதல் யாமத்தில் கண்டது ஓராண்டில் பலிக்கும், மூன்றாம் யாமத்தில் கண்டது மூன்று திங்களில், கடை யாமத்தில் கண்டது பத்து நாளில், விடியலில் கண்டது உடனே. வடமொழிக் கனா நூல்களிலும் சிற்சில வேறுபாடுகளுடன் இதே ஏற்பாடு உண்டு. நிலவைக் கண்டேன் என்பது மட்டும் போதாது, எந்த யாமம் என்று கேட்ட பிறகே பலன் சொல்வோர் வாய் திறப்பர். கிராமத்துப் பாட்டிமார் இன்றும் கேட்கும் முதற்கேள்வி இதுவே. நல்ல கனவு கண்டால் மீண்டும் உறங்கலாகாது என்றும் கெட்ட கனவைப் பிறரிடம் சொல்லலாகாது என்றும் அவர்கள் கூறுவதும், கனவின் பொருள் கண்டவரின் அடுத்த செயலைப் பொறுத்தது என்னும் கருத்திலிருந்து பிறந்ததே.

காண்பவர் மாறினால் பலன் மாறும் என்பதற்குப் புறநானூற்றின் 41ஆம் பாடல் தக்க சான்று. கிள்ளிவளவனின் படையெடுப்பை அஞ்சும் பகைவர் நாட்டில் எட்டுத் திசையிலும் எரிகொள்ளி வீழ்வது முதலான தீக்குறிகளைக் கோவூர்கிழார் அடுக்குகிறார். பகைவர் நாட்டுக்கு அவை கேடு. பாட்டைக் கேட்டுக்கொண்டு வீற்றிருக்கும் சோழனுக்கோ அவை வெற்றியின் அறிவிப்பு. வீழும் எரிகொள்ளி ஒன்றுதான், அது கேடா ஆக்கமா என்பதைக் கேட்பவர் நிற்கும் பக்கம் முடிவு செய்கிறது. கிரகணக் கனவும் இவ்வாறே. சூரியன் மறைக்கப்படுவதாகக் கண்டால் அரசனுக்கு இடர், சந்திரன் மறைக்கப்பட்டால் அமைச்சனுக்கு இடர் என்பது இப்னு ஸீரீன் பெயரால் வழங்கும் நூல்களின் விதி. அரசனையே பகையாகக் கொண்ட ஒருவன் அதே கனவைக் கண்டால், அது அவனுக்கு எதைச் சொல்லும்?

இனி அத்கா கானின் கனவுக்குத் திரும்பலாம். அதைச் சரியாக வாசிக்க மூன்று காலங்களைப் பிரித்தறிய வேண்டும்: கனவு கண்டதாகச் சொல்லப்படும் காலம், அது பொருள் பெற்ற காலம், அது எழுதப்பட்ட காலம்.

கண்டதாகச் சொல்லப்படும் காலம் அக்பரின் பிறப்புக்கு முற்பட்டது. அப்போது ஷம்சுத்தீன் எவருக்கும் தெரியாத இளைஞர். பின்னர் ஹுமாயூனின் தம்பி காம்ரானின் படையில் ஒரு வீரரானார். 1540ஆம் ஆண்டு கன்னோசிப் போரில் ஷேர் ஷாவிடம் தோற்ற ஹுமாயூன் கங்கையைக் கடந்து, செங்குத்தான கரையில் ஏற இயலாமல் தவித்தபோது, கை கொடுத்து மேலே தூக்கிவிட்டவர் இவரே. அந்த ஒரு கை குடும்பத்தின் வாழ்வையே மாற்றியது. 1542ஆம் ஆண்டு உமர்கோட்டில் அக்பர் பிறந்தபோது, இவருடைய மனைவி செவிலியருள் ஒருவராக அமர்த்தப்பட்டார். கஜ்னியில் கண்ட நிலவு அப்போதுதான் பொருள் பெற்றது. குழந்தை கைக்கு வந்தது.

எழுதப்பட்ட காலமோ அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிந்தியது. அக்பர் தம் ஆட்சி வரலாற்றை எழுதுமாறு 1589இல் ஆணையிட்டார். அபுல் ஃபஸ்ல் முதியோரின் நினைவுகளைத் திரட்டி அடுத்து வந்த ஆண்டுகளில் எழுதினார். அத்கா கான் இறந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. அவருடைய மகன் அஜீஸ் கோகாவோ பேரரசின் உயர்ந்த பிரபுக்களுள் ஒருவர், அரசரோடு ஒரே மார்பில் பால் உண்டவர். அவருடைய வாய்மொழியை நூலே ஓரிடத்தில் சான்றாகக் காட்டுகிறது. தம் தாய் ஜீஜீ அனகா சொன்னதாக அவர் கூறிய செய்தி அது: அக்பரின் பிறப்புக்கு முன் ஒரு பேரொளி நெருங்கி வந்து மார்பினுள் புகுந்தது, உலகை வெதுப்பும் சூரியனே மார்பில் விழுந்ததுபோல் இருந்தது, உடலின் அணுவெல்லாம் நடுங்கியது.

கணவனுக்கு நிலவு, மனைவிக்குச் சூரியன். பட்டியல் வாசிப்பின்படி இது தலைகீழ். அரசனுக்கு உரிய சூரியன் ஆணின் கையிலும் நிலவு பெண்ணின் மார்பிலும் அல்லவா சேர வேண்டும்? உறவுநிலையைக் கொண்டு பார்த்தால் குழப்பம் இல்லை. குழந்தைக்குப் பால் கொடுத்தவள் ஜீஜீ அனகா. ஒளி புகுந்த இடம் மார்பு, பின்னாளில் பால் சுரந்த இடமும் அதுவே. தைமூரிய வம்சத்தின் ஆதித்தாய் ஆலன்குவா ஒளியால் கருவுற்றாள் என்னும் கதையும் இதே நூலில் உண்டு. அந்தத் தொன்மத்தின் சாயலைச் செவிலித்தாய் தன் மார்புக்கு உரியதாக்கிக்கொள்கிறாள். ஈன்றவள் அல்லள் ஆயினும் ஒளி தன்னுள்ளும் புகுந்தது என்பது அவளுடைய உரிமைக் குரல். கணவனுக்கோ கைகள் மட்டுமே. அவன் ஏந்துபவன், காப்பவன். கங்கைக் கரையில் நீண்ட கையும் அதுவே.

உரிமைக் குரல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அக்பருக்குச் செவிலியர் பலர். அவர்களுள் மாஹம் அனகாவுக்கும் ஜீஜீ அனகாவுக்கும் இடையே கடும் போட்டி நிலவியது. அக்பரின் இளமையில் அரண்மனையில் மாஹம் அனகாவின் செல்வாக்கே ஓங்கியிருந்தது. 1561இல் அத்கா கான் ஆட்சியின் தலைமைப் பொறுப்புக்கு உயர்த்தப்பட்டபோது அந்தச் செல்வாக்குக்கு இடையூறு நேர்ந்தது. 1562 மே மாதத்தில் மாஹம் அனகாவின் மகன் அதம் கான் ஆட்களோடு அரசவைக்குள் நுழைந்து அத்கா கானைக் கொன்றான். அக்பர் அவனைக் கோட்டை மேற்றளத்திலிருந்து இருமுறை தள்ளிக் கொல்லச் செய்தார். அதம் கானின் எண்கோணக் கல்லறை தில்லியின் தென்கோடியில் மெஹ்ரோலியில் இருக்கிறது. சில வாரங்களில் இறந்த தாயும் அவனருகே அடக்கமானாள். இரு செவிலிக் குடும்பங்களின் பகை, தில்லியின் இரு மூலைகளில் இரு கல்லறைகளாக இன்றும் நிற்கிறது.

இந்தப் பின்னணியில் நிலவுக் கனவின் பணி விளங்கும். அரண்மனையில் பாலின் பேரால் இரு குடும்பங்கள் உரிமை கோரின. அவற்றுள் ஒன்றின் உரிமை அக்பர் பிறக்கும் முன்பே விண்ணில் எழுதப்பட்டிருந்தது என்று அக்பர்நாமா நிறுவுகிறது. ஆயினும் அக்குடும்பத்துக்கு முழுச் சலுகை அளிக்கவும் அபுல் ஃபஸ்ல் ஆயத்தமாக இல்லை. தந்தை மீர் யார் முகம்மது கூறிய பொருளில் மையமாக இருந்தது குடும்பம்: நம் குலம் உயரும். அபுல் ஃபஸ்ல் அக்கனவை வைத்திருக்கும் இடமோ, அக்பரின் பிறப்பை முன்னறிவித்த குறிகளின் வரிசை. அங்கே மையம் நிலவு, அதை ஏந்திய கைகள் அல்ல. குடும்பத்தின் பெருமைக் கதை, சொற்கள் மாறாமலே, அரசரின் பெருமைக் கதையாக ஆகிவிடுகிறது. ஏந்தியவர் இருபது ஆண்டுகளில் அதே அரசரின் அவையில் வெட்டுண்டு விழுந்தார் என்பதைக் கனவு சொல்லவில்லை, அதற்குப் பலன் கூறியவர்களும் சொல்லவில்லை. பலித்த பகுதியே கனவாக நினைவில் நின்றது.

பின்னோக்கிக் கட்டப்பட்ட கனவை அடையாளம் காண ஒரு வழி உண்டு. எண்ணிக்கை மிகச் சரியாக இருந்தால் ஐயுற வேண்டும். அதே அக்பர்நாமாவில், பதினைந்தாம் நூற்றாண்டுத் தைமூரிய வரலாற்று நூல்களிலிருந்து எடுத்தாளப்பட்ட கச்சூலி பகதூரின் விண்மீன் கனவு வருகிறது. தமையன் கபூல் கானின் மார்பிலிருந்து மூன்று விண்மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து மறைகின்றன. நான்காவது எழுந்து உலகெங்கும் ஒளி பரப்புகிறது. அடுத்துத் தன் மார்பிலிருந்தே ஏழு எழுந்து மறைய, எட்டாவது பேரொளியாகிறது. தந்தை தூமினா கான் பொருள் கூறி, அரசுரிமை தமையன் வழிக்கும் படைத்தலைமை தம்பி வழிக்கும் என்று மக்களிடையே உடன்படிக்கை செய்விக்கிறார். முதற்பேரொளி செங்கிஸ் கான், இரண்டாவது தைமூர். தைமூர் கச்சூலியின் எட்டாம் தலைமுறை. இக்கணக்கு தைமூர் ஆண்ட பிறகே இயலும். செங்கிஸ் கானின் குருதி வழியில் வாராத தைமூருக்கு ஆட்சியுரிமை எங்கிருந்து வந்தது என்னும் இக்கட்டான வினாவுக்கு இந்த விண்மீன்கள் விடை அளிக்கின்றன. அத்கா கானின் நிலவில் இத்தகைய கணக்கு இல்லை. ஓர் உருவம், ஒரு தந்தையின் பொதுவான நல்வாக்கு, அவ்வளவே. ஆகவே அது குடும்பத்துக்குள் நெடுநாள் வழங்கிய உண்மையான நினைவாக இருக்கவும் கூடும். கண்டாரா இல்லையா என்பது முடிவு செய்ய இயலாத வினா. எதற்காக நினைவில் வைக்கப்பட்டது என்பது விடை காணத்தக்க வினா.

இதற்கு மாறான ஆவணமும் இந்தியாவில் உண்டு. திப்பு சுல்தான் தம் கனவுகளைத் தம் கைப்படவே குறித்து, ஒளித்து வைத்திருந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அரண்மனையில் கிடைத்த அச்சுவடியில் முப்பத்தேழு கனவுகள் உள்ளன. அங்கே கண்டவரும் எழுதியவரும் ஒருவரே. கேட்பவர் எவரும் இல்லை. காலத் தொலைவும் சிறிது. அத்தகைய சுவடிக்குப் பொருந்தும் உளவியல் வாசிப்பை, மகனின் நினைவிலும் அரசவை எழுத்தாளரின் வரிசையிலும் வடிகட்டப்பட்டு வந்த கஜ்னிக் கனவுக்கு அப்படியே பொருத்துவது முறையன்று. பின்னதில் எவருடைய நனவிலியைத் தேடுவது? ஷம்சுத்தீனுடையதா, மகனுடையதா, அபுல் ஃபஸ்லுடையதா?

ஓவியமும் இதே எச்சரிக்கையைத் தருகிறது. ஜஹாங்கீர் பாரசீக மன்னர் ஷா அப்பாஸைத் தழுவுவதாக அபுல் ஹசன் 1618ஆம் ஆண்டளவில் தீட்டிய படம் உலகப் புகழ் பெற்றது. இருவர் தலைக்கும் பின்னே மாபெரும் சூரியவட்டம், அதன் அடியைத் தாங்கும் பிறைநிலவு. இதைச் சூரிய சந்திரக் கனவு என்று பலர் எடுத்தாள்கின்றனர். படத்தின் எழுத்துகள் தெரிவிப்பது, அரசர் ஒளியின் நடுவே ஷா அப்பாஸைக் கனவில் கண்டு மகிழ்ந்தார் என்பதே. பொன்வட்டமும் பிறையும் ஓவியரின் கைவேலை. ‘நூருத்தீன்’, மார்க்கத்தின் ஒளி, என்னும் அரசரின் பட்டத்தை அவை உருவாக்கிக் காட்டுகின்றன. கனவைக் கண்டவர் ஒருவர், அதில் வானொளிகளை ஏற்றியவர் வேறொருவர். இரு மன்னரும் நேரில் சந்தித்ததே இல்லை. 1622இல் ஷா அப்பாஸ் காந்தஹாரைக் கைப்பற்றினார். அந்தப் படத்தின் அமைதியான ஒளி, எல்லையில் மூண்டிருந்த பதற்றத்தின் மீது போர்த்தப்பட்ட பட்டு.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். சூரியனும் நிலவும் எல்லா மக்களுக்கும் பொது. ஒன்று சுடுகிறது, மற்றொன்று தேய்ந்து வளர்கிறது. அவற்றின் குறியீட்டிலும் ஒரு பொதுமை இருக்கத்தானே வேண்டும்? இந்த மறுப்பில் உண்மை உண்டு. வானொளி வீழ்வதை நற்குறியாகவும் எழுவதைக் கேடாகவும் கொண்ட மரபைக் காண்பது அரிது. ஆயினும் அப்பொதுமை எல்லையை மட்டுமே வரையறுக்கிறது. நிலவு உயர்ந்த ஒன்று, அது நெருங்கி வருவது பெரிய ஒன்று நெருங்கி வருவது என்பதுவரை அது சொல்லும். அந்தப் பெரியது மணமா, மரணமா, குழந்தையா, அரசா என்பதை அதனால் சொல்ல இயலாது. ஆயிஷாவின் அறையில் விழுந்த நிலவுகள் வீழ்ந்த ஒளிகளே. அவை அந்த அறைக்குக் கிடைத்த பேறாக வாசிக்கப்பட்டன என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே கனவுப் பதிவு ஒன்றைக் கையில் எடுக்கும் மாணவர், சூரியன் எதைக் குறிக்கும் என்று அகராதியைப் புரட்டுவதற்கு முன் சில எளிய வினாக்களுக்கு விடை தேடுவது நன்று. கண்டவர் யார், ஒளி அவருடைய உடலின் எந்த இடத்தைத் தொட்டது? முதலில் கேட்டவர் யார், அவருக்கு அதில் என்ன நலம் அல்லது அச்சம்? பொருள் உடனே கூறப்பட்டதா, நிகழ்ச்சிக்குப் பின்னரா? எழுத்தில் ஏற்றியவர் எத்தனை ஆண்டு கழித்து, எவருக்காக ஏற்றினார்? பலிக்காத எதனை அவர் விட்டுவிட்டார்? இவை புதிய கோட்பாடு அல்ல. எந்த யாமத்தில் கண்டாய், யாரிடம் சொன்னாய் என்று கேட்ட பழைய கனாநூலாரும் பாட்டிமாரும் கேட்டுவந்த வினாக்களின் விரிவே இவை. நாட்டார் நம்பிக்கையை ஆராயப் புகுந்தவர்கள் அந்நம்பிக்கையின் பலன் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் கேள்வி முறையைக் கைவிட்டனர்.

நிஜாமுத்தீன் சந்தில் உள்ள மாடத்தின் சுவர்களில் செதுக்கப்பட்ட குர்ஆன் வசனங்கள் இறைவழியில் கொல்லப்பட்டோர் இறந்தவர் அல்லர் என்னும் பொருளைச் சுற்றி அமைந்தவை. 1566–67இல் மகன் தந்தையை நினைவுகூர்ந்தபோது, கொலைக்குப் பொருள் தேட வேண்டியிருந்தது, வசனங்கள் அப்பொருளைத் தந்தன. கால் நூற்றாண்டுக்குப் பின் அதே தந்தையைப் பற்றி அரசவைக்குச் சொல்ல வேண்டியபோது நிலவு வந்து கைகளில் அமர்ந்தது. இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை. எது எப்போது எவருக்காகச் சொல்லப்பட்டது என்று கேளாமல், நிலவை மட்டும் தனியே எடுத்து அதற்குப் பலன் சொல்வோர் அந்தக் கைகளைக் காணாமல் போகின்றனர்.